பாஸ்டனின் 500 பையன்கள்: வேலை முதலில் வந்ததா, மாற்றம் முதலில் வந்ததா?

1980-களின் நடுவில் ஜான் லாப் என்ற குற்றவியல் ஆய்வாளர் ஹார்வர்டு சட்டப்பள்ளி நூலகத்தின் அடித்தளத்தில் சுமார் 60 அட்டைப்பெட்டிகளைக் கண்டெடுத்தார். ஷெல்டன் குளூக், எலினார் குளூக் என்ற தம்பதி விட்டுச்சென்ற ஆய்வுக் கோப்புகள் அவை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் இரண்டு சீர்திருத்தப் பள்ளிகளில் அடைக்கப்பட்ட 500 பையன்களையும், அதே வயது, அதே அறிவுத்திறன் மதிப்பெண், அதே இனப்பின்னணி, அதே மாதிரி ஏழைத் தெருக்கள் என்று ஒவ்வொருவருக்கும் இணையாகத் தேர்ந்தெடுத்த, குற்றப் பதிவே இல்லாத வேறு 500 பையன்களையும் பற்றியவை. பையன்கள் 1924-க்கும் 1932-க்கும் இடையில் பிறந்தவர்கள். குளூக் தம்பதி அவர்களைச் சிறுவயதில் ஒருமுறை, 25 வயதில் ஒருமுறை, 32 வயதில் ஒருமுறை என்று மூன்று முறை விசாரித்திருந்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்த குறிப்பு, ஆசிரியர் சொன்னது, நீதிமன்றப் பதிவு எல்லாம் அதில் இருந்தன.

லாபும் ராபர்ட் சாம்ப்சனும் அந்தக் கோப்புகளைக் கணினிக்கு ஏற்றி மறுபடி ஆராய்ந்து 1993-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அதோடு நிற்காமல், சீர்திருத்தப் பள்ளிகளில் இருந்த அந்த 500 பையன்களில் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப்போனார்கள். பையன்கள் அப்போது 70 வயதை நெருங்கும் கிழவர்கள். கைதுப் பதிவுகளை 70 வயது வரை எடுத்தார்கள். இறப்புப் பதிவுகளையும் எடுத்தார்கள். 52 பேரிடம் நேரில் உட்கார்ந்து முழு வாழ்க்கையையும் கேட்டார்கள். அதன் முடிவுகள் 2003-ல் வந்தன. ஒரே ஆட்களை ஏழு வயதிலிருந்து எழுபது வரை பின்தொடர்ந்த குற்ற ஆய்வு என்று பார்த்தால், இவ்வளவு நீளமானது அதுவரை இருக்கவில்லை.

இவர்களில் பெரும்பாலோர் குற்றம் செய்வதை நிறுத்தினார்கள். சிறுவயதிலேயே தேறமாட்டான் என்று கைகழுவப்பட்டவர்களும் நிறுத்தினார்கள். ஏன், எப்படி, எந்த வரிசையில் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நிறுத்திவிட்டார் என்று எப்படித் தெரியும்?

முதலில் இதைத் தீர்க்காமல் மேலே போக முடியாது. ஒருவர் 34 வயதுக்குப் பிறகு கைதாகவே இல்லை என்றால், அவர் திருந்திவிட்டார் என்று எழுதலாமா? 35 வயதில் செத்துப்போயிருந்தாலும் அதே வெற்றுப் பக்கம்தான் வரும். சிறையில் பத்து வருடம் இருந்தாலும் வெளியே கைது எதுவும் பதிவாகாது. பக்கத்து மாநிலத்துக்குக் குடிபோயிருந்தாலும் உள்ளூர்ப் பதிவில் ஆள் காணாமல் போய்விடுவார். பாஸ்டன் ஆய்வில் இறப்புப் பதிவுகளைத் தேடியது இதற்காகத்தான். 70 வயதை எட்டும்முன் இவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இறந்துவிட்டார்கள். அவர்களையெல்லாம் திருந்தியவர்கள் கணக்கில் சேர்த்தால் ஆய்வு மிக அழகாக இருக்கும். ஆனால் பொய்யாக இருக்கும்.

அதனால் இந்தத் துறையில் கைதுகளை வருடத்துக்கு எத்தனை என்று எண்ணாமல், வெளியே சுதந்திரமாக இருந்த வருடத்துக்கு எத்தனை என்று எண்ணுவார்கள். அப்புறம், கடைசிக் கைது என்பது ஒரு தேதி. குற்றத்திலிருந்து விலகல் என்பது அந்தத் தேதிக்கு முன்னாலும் பின்னாலும் நீளும் ஒரு காலம். மாதம் நான்கு திருட்டு என்றிருந்தவர் வருடம் ஒன்று என்று குறைந்து, பிறகு குடித்துவிட்டு ஒரு சண்டை, பிறகு ஒன்றுமில்லை என்று ஓய்வார். தேதியை மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் சரிவு தெரியாது. கடைசிக் கைதுக்கு ஆறு மாதம் முன் வேலை கிடைத்திருந்தால், "வேலை அவரை மாற்றியது" என்று எழுதிவிடுவார்கள். சரிவு அதற்கு மூன்று வருடம் முன்பே தொடங்கியிருக்கலாம்.

நாட்காட்டி

52 பேரோடு பேசும்போது ஆய்வாளர்கள் பயன்படுத்திய கருவி எளிமையானது: வாழ்க்கை வரலாற்று நாட்காட்டி. ஒரு பெரிய தாளில் வயது வரிசையாகக் கீழே இறங்கும். குறுக்கே பத்திகள்: எங்கே குடியிருந்தார், யாரோடு, என்ன வேலை, மணவாழ்க்கையில் இருந்தாரா, ராணுவமா, சிறையா, கைதுகள். 70 வயதுக்காரரிடம் "1956-ல் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது. "இரண்டாவது பிள்ளை பிறந்தபோது எந்த வீட்டில் இருந்தீர்கள்? அப்போது எங்கே வேலை?" என்று கேட்டால் வரும். ஒரு பத்தியில் உள்ள நினைவு அடுத்த பத்தியை இழுத்துக்கொண்டு வரும்.

இதை வைத்து என்ன செய்யலாம் என்று காட்ட ஒரு மாதிரி ஆளைக் கட்டுகிறேன். இவர் உண்மையான ஆள் இல்லை. கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காக மட்டும்.

17, 18 வயதில் வெளியே இருந்த இரண்டு வருடத்தில் 3 கைது. 19, 20-ல் சிறை. 21 முதல் 23 வரை மூன்று வருடத்தில் 4 கைது. 24-ல் கல்யாணம், 24 முதல் 26 வரை மூன்று வருடத்தில் 1 கைது. 27-ல் மனைவி பிரிந்து போகிறார். 27, 28-ல் 2 கைது. 29-ல் மறுபடி சேர்கிறார்கள். அங்கிருந்து 38 வரை பத்து வருடத்தில் ஒரே ஒரு கைது, அதுவும் 31-ல் ஒரு குடிச்சண்டை.

மணவாழ்க்கைக்கு வெளியே 7 வருடம், 9 கைது. உள்ளே 13 வருடம், 2 கைது. கல்யாணம்தான் காரணம் என்று சொல்லத் தோன்றும். உடனே ஒரு மறுப்பு வரும்: வயது ஏற ஏறக் குற்றம் எப்படியும் குறையும், கல்யாணமான வருடங்கள் பிந்திய வருடங்கள், அவ்வளவுதான். அதனால் 24–26ஐயும் 27–28ஐயும் தனியாகப் பாருங்கள். வயதுதான் காரணம் என்றால் 27–28-ல் கைது குறைந்திருக்க வேண்டும். ஆனால் மனைவியோடு இருந்த இளைய வருடங்களில் மூன்று வருடத்துக்கு ஒன்று; பிரிந்திருந்த மூத்த வருடங்களில் வருடத்துக்கு ஒன்று. வயது மட்டும் இதை விளக்காது.

இந்த ஒப்பீட்டின் பலம் என்னவென்றால், ஒரு ஆளை வேறொரு ஆளோடு ஒப்பிடவில்லை. அவரை அவரோடேயே ஒப்பிடுகிறோம். பிறவிக் குணம், வளர்ந்த வீடு, தெரு எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே.

சாம்ப்சன், லாப், கிறிஸ்டோபர் வைமர் மூவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் இன்னும் கறாராகச் செய்தது. ஒருவர் ஒரு குறிப்பிட்ட வருடத்தில் மணவாழ்க்கையில் இருப்பார் என்பதை அவருடைய கடந்தகாலமே சொல்லிவிடுகிறது என்றால், அந்த வருடத்துக்குக் கணக்கில் எடை குறைவு. எதிர்பார்க்க முடியாதபடி கல்யாணமாகியிருந்தாலோ ஆகாமலிருந்தாலோ எடை அதிகம். இப்படித் திருத்திய பிறகு, மணவாழ்க்கையில் இருந்த காலத்தில் குற்றம் செய்யும் வாய்ப்பு சராசரியாக 35% குறைவாக இருந்தது.

ஆனால் மாதிரி ஆளின் தாளை மறுபடி பாருங்கள். 27-ல் மனைவி ஏன் போனார்? அவர் 26-ன் கடைசியில் பழைய கூட்டாளிகளோடு மறுபடி சுற்றத் தொடங்கி, குடித்து, அதனால் போயிருந்தால்? அப்போது பிரிவு குற்றத்தைக் கொண்டுவரவில்லை; குற்றத்துக்குத் திரும்பிய வாழ்க்கை பிரிவைக் கொண்டுவந்தது. வருடக் கட்டங்களில் இது தெரியாது. மாதக் கட்டம் வேண்டும்.

மனைவி என்ன செய்தார்?

பாஸ்டன் கிழவர்கள் சொன்னதில் எனக்குப் பிடித்த விஷயம், அன்பு என்ற பேச்சு அதில் குறைவு. மாலைநேரம் என்ற பேச்சு அதிகம். மனைவி இருந்தால் சம்பளம் வீட்டுக்கு வரவேண்டும். இரவு எங்கே போனாய் என்று கேட்க ஆள் உண்டு. பழைய நண்பன் கதவைத் தட்டினால் வாசலிலேயே நிற்கவைத்துத் திருப்பி அனுப்ப ஆள் உண்டு. குடியிருக்கும் இடம் மாறும். மனைவி வீட்டார் பக்கம் குடிபோவார்கள். தெருமுனைக் கூட்டம் தூரமாகிவிடும். லாபும் சாம்ப்சனும் இதைப் பிரித்துச் சொல்கிறார்கள்: கடந்தகாலத்திலிருந்து வெட்டு, கண்காணிப்பும் ஆதரவும், அன்றாட ஒழுங்கு மாறுவது, தன்னைப் பற்றிய எண்ணம் மாறுவது. நிரந்தர வேலையும் ராணுவமும் இதே வேலையைச் செய்கின்றன. இரண்டாம் உலகப்போருக்குப் போய்வந்தவர்களுக்கு 1944-ன் படைவீரர் நலச் சட்டம் பயிற்சிக்கும் படிப்புக்கும் பணம் தந்தது. சிறார் குற்றப்பதிவு இருந்தவர்களுக்கு அதன் பலன் கூடுதலாகவே இருந்ததாக இவர்கள் கண்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது: பலர் திருந்த வேண்டும் என்று முடிவெடுக்கவே இல்லை. கல்யாணம், வேலை, பிள்ளை, வீட்டுக்கடன் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஒருநாள் திரும்பிப் பார்த்தால், சிறைக்குப் போனால் இழப்பதற்கு ஏகப்பட்டது இருக்கிறது. முடிவெடுக்காமலேயே முடிவு நடந்துவிட்டது. லாப், டேனியல் நாகின், சாம்ப்சன் 1998-ல் காட்டியதும் இதோடு ஒத்துப்போகிறது: நல்ல மணவாழ்க்கையின் பலன் கல்யாணமான அடுத்த மாதமே வராது. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். ஆரம்பத்தில் பெரிய வித்தியாசமே இருக்காது. கல்யாணம் செய்துவைத்தால் பையன் சரியாகிவிடுவான் என்று நம்பும் குடும்பங்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கலாம்.

நார்வேயிலிருந்து வந்த அடி

இவ்வளவு அழகான கதைக்கு ஒரு கடினமான சோதனை வந்தது. நார்வேயில் ஒவ்வொருவரின் வேலைவாய்ப்பும் தண்டனையும் மாதவாரியாக அரசுப் பதிவேட்டில் இருக்கும். டோர்பியோர்ன் ஸ்கார்தாமரும் யுக்கா சவோலைனனும் பலமுறை தண்டனை பெற்ற 783 ஆண்களை எடுத்தார்கள். எல்லோரும் 2001-க்கும் 2006-க்கும் இடையில் நிலையான வேலையில் சேர்ந்தவர்கள். வேலையில் சேர்ந்த மாதத்தை நடுவில் வைத்து, முன்னும் பின்னும் குற்றம் எப்படிப் போனது என்று வரைந்தார்கள். 2014-ல் வந்த முடிவு: பெரும்பாலோருக்குச் சரிவு வேலைக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. வேலையில் சேர்ந்த பிறகு கூடுதலாகக் குறையவில்லை. குற்றத்தில் தீவிரமாக இருக்கும்போதே வேலை கிடைத்து, அதன் பிறகு சரிந்தவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு.

கல்யாணத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஸ்கார்தாமரும் டோர்கில்ட் லிங்ஸ்டாடும் பார்த்தபோது, திருமணத் தேதிக்குப் பல வருடங்கள் முன்பிருந்தே குற்றம் இறங்கிக்கொண்டு வந்தது. திருமணத்துக்குப் பிறகு சற்றே ஏறவும் செய்தது.

அப்படியானால் பாஸ்டன் கதை தவறா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டும் வேறுவேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. நார்வே ஆய்வு சரிவு எப்போது தொடங்கியது என்று கேட்கிறது. பாஸ்டன் ஆய்வு, ஒருவர் மனைவி, வேலை போன்ற ஒரு பிடிப்புக்குள் இருந்த காலத்தையும் பிடிப்பு அறுந்த காலத்தையும் ஒப்பிடுகிறது. வேலை சரிவைத் தொடங்காமல் இருக்கலாம். தொடங்கிய சரிவு பாதியில் திரும்பிவிடாமல் பிடித்துவைக்கலாம். அதோடு நார்வேயில் ஒரு ஜோடி பல வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகுதான் பதிவுத் திருமணத்துக்கே போவது வழக்கம். திருமணத் தேதிக்கு முன்னால் தெரியும் சரிவில் அந்தப் பெண்ணின் பங்கு எவ்வளவு என்பதைத் திருமணப் பதிவேடு சொல்லாது. வேலைக்கும் அப்படியே: தீவிரமாகத் திருடிக்கொண்டிருப்பவனை யார் நிலையான வேலைக்கு எடுப்பார்கள்? கொஞ்சம் ஓய்ந்தவனுக்குத்தான் வேலையே கிடைக்கிறது.

ஆளே தேர்ந்தெடுக்காத மாற்றம் நடந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் இதை அவிழ்க்கும் ஒரு வழி. 1970-களில் அமெரிக்காவில் நடந்த ஒரு வேலைத்திட்டத்தில், சிறையிலிருந்து வந்தவர்கள் உட்பட வேலை கிடைக்காத பலரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் குறைந்த கூலி வேலை தரப்பட்டது. மற்ற பாதிக்கு இல்லை. கிறிஸ்டோபர் ஆகன் 2000-ல் அந்தத் தரவை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தார். 27 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம், வேலை கிடைத்தவர்கள் மறுபடி குற்றத்தில் விழுவது குறைந்தது. அதற்குக் கீழே இருந்தவர்களிடம் அதே வேலை ஒன்றும் செய்யவில்லை. அதே கூலி, அதே மேற்பார்வையாளர். 20 வயதுக்காரனுக்கு அது சலிப்பான கூலிவேலை. 30 வயதுக்காரருக்கு அது வெளியே போகும் கதவு.

கத்ரீனா புயல் இன்னொரு குலுக்கல். 2005-ல் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது, சிறையிலிருந்து விடுதலையானவர்களில் பலர் பழைய தெருவுக்குத் திரும்பவே முடியவில்லை, வீடே இல்லை. டேவிட் கிர்க் அவர்களைப் பின்தொடர்ந்தார். வேறு இடத்துக்குப் போக நேர்ந்தவர்கள் மறுபடி சிறைக்குத் திரும்புவது கணிசமாகக் குறைவாக இருந்தது. அவர்கள் யாரும் இடமாற்றத்தை விரும்பிக் கேட்கவில்லை.

மனசில் என்ன மாறுகிறது?

27 வயதுக்காரரிடம் இருக்கும், 20 வயதுக்காரனிடம் இல்லாத விஷயம் எது? இங்கேதான் தன்னைப் பற்றிய எண்ணம் வருகிறது.

பெக்கி ஜியோர்டானோவும் அவருடைய குழுவும் ஓஹையோவில் 1982-ல் பேட்டி கண்ட பெண்களையும் பையன்களையும் 1995-ல் மறுபடி தேடிப்பிடித்தார்கள். இவர்களில் நல்ல வேலையும் நிலையான துணையும் சேர்ந்து கிடைத்தவர்கள் மிகக் கொஞ்சம். பாஸ்டனின் போருக்குப் பிந்தைய தொழிற்சாலை வேலைகள் இந்தத் தலைமுறைக்கு இல்லை. மணவாழ்க்கைப் பிணைப்போ வேலை நிலைத்தன்மையோ, யார் நிறுத்தினார்கள் என்பதைப் பெரிதாக விளக்கவில்லை. ஆனாலும் சிலர் நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் பேச்சில் பிள்ளை, மதம், சிகிச்சை என்று ஏதோ ஒன்று பிடிமானமாக வந்தது. ஆனால் அதே பிள்ளை, அதே மதம் இன்னொருத்திக்கு ஒன்றும் செய்யவில்லை. ஜியோர்டானோவின் விளக்கம்: முதலில் மாறத் தயாராக இருக்க வேண்டும், பிறகு கையில் கிடைத்த பிடிமானத்தைப் பிடிமானமாகப் பார்க்க வேண்டும், "நான் இன்னார்" என்று சொல்ல ஒரு மாற்று ஆள் மனதில் உருவாக வேண்டும், கடைசியில் பழைய வாழ்க்கை கவர்ச்சி இழக்க வேண்டும். மாறத் தயாராக இல்லாதவள் கையில் வேலையைக் கொடுத்தால், அது வேலை மட்டுமே.

ஷாட் மருணா லிவர்பூலில் கேட்ட கதைகள் இன்னும் சுவாரசியம். பின்னணியில் ஒரே மாதிரியான இரண்டு கூட்டம்: இன்னும் குற்றம் செய்பவர்கள், விட்டுவிட்டவர்கள். தொடர்பவர்கள் சொன்னது சுருக்கமாக இது: எனக்கு வேறு வழியே இல்லை, சின்ன வயதிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. விட்டவர்கள் சொன்னது: நான் உள்ளுக்குள் எப்போதும் நல்லவன்தான், சூழல் என்னை இழுத்துக்கொண்டு போனது, யாரோ ஒருவர் என்னை நம்பினார், இப்போது என் அனுபவத்தால் மற்றவருக்கு உதவ வேண்டும். இதில் எது நிஜத்துக்கு நெருக்கம் என்று கேட்டால், படிப்பு இல்லை, பதிவு இருக்கிறது, வேலை கிடைக்காது என்று சொன்ன தொடர்பவர்களின் கணக்குத்தான் துல்லியமாகப் படுகிறது. விட்டவர்கள் தங்கள் கடந்தகாலத்தைக் கொஞ்சம் சாயம் பூசித்தான் சொல்கிறார்கள். "நீ செய்ததை முழுதாக ஒப்புக்கொள், சாக்குச் சொல்லாதே" என்று வற்புறுத்தும் சிறை ஆலோசனை வகுப்புகள் இந்த இடத்தில் தடுமாறும். குற்றத்தை விட்டவர் சொல்லும் கதையில் சாக்கும் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது. சாக்கு நேற்றைக்கு, பொறுப்பு நாளைக்கு.

எல்லாவற்றையும் சேர்த்து என் வாசிப்பைச் சொல்கிறேன். 25-ஐ ஒட்டிய வயதில் பலருக்கு அலுப்பு வருகிறது, சரிவு தொடங்குகிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் வேலையோ துணையோ பிள்ளையோ இருந்து, ஆளும் அதைப் பிடித்துக்கொண்டால் சரிவு நிலைக்கிறது. இல்லாவிட்டால் குடி, பழைய தெரு, அடுத்த கைது. யார் பிடித்துக்கொள்வார்கள் என்று சிறுவயதிலேயே சொல்ல முடியுமா? பாஸ்டன் ஆய்வாளர்கள் முயன்றார்கள். சிறுவயதுக் குணம், குடும்பம், அறிவுத்திறன் எல்லாம் வைத்து மிக மோசம் என்று கணிக்கப்பட்டவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அவர்களுடைய குற்றக் கோடும் வயதோடு மற்றவர்களுடையதைப் போலவே இறங்கியது. மேலே தொடங்கியது, அவ்வளவுதான்.

பதிவு

பாஸ்டன் ஆட்கள் வேலை தேடிய 1950-களில், கணினியில் தட்டிக் குற்றப்பதிவைப் பார்க்கும் வசதி முதலாளிக்கு இல்லை. அவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள் வேறு. இந்த இரண்டையும் மறந்துவிட்டு அந்த முடிவுகளை இன்றைக்கு அப்படியே எடுத்துவர முடியாது. டேவா பேஜர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், மில்வாக்கி நகரில் ஒரே மாதிரித் தகுதியோடு இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார். பதிவு இல்லாத வெள்ளையருக்கு 34% இடங்களிலிருந்து மறு அழைப்பு வந்தது. சிறைப்பதிவு உள்ள வெள்ளையருக்கு 17%. பதிவு இல்லாத கறுப்பருக்கு 14%, பதிவு உள்ள கறுப்பருக்கு 5%.

பதிவு எத்தனை வருடத்துக்கு அர்த்தமுள்ளது என்பதையும் அளந்திருக்கிறார்கள். ஆல்பிரட் புளும்ஸ்டீனும் கிமினோரி நாகமுராவும் 1980-ல் நியூயார்க் மாநிலத்தில் முதல்முறை கைதானவர்களை எடுத்துக்கொண்டார்கள். 18 வயதில் வழிப்பறிக்காகக் கைதானவர் வேறு கைது இல்லாமல் 7.7 வருடம் கழித்துவிட்டால், அவர் கைதாகும் அபாயம் அதே வயதுப் பொதுமக்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. கன்னமிட்டுத் திருடியவருக்கு 3.8 வருடம், கடுமையான தாக்குதலுக்கு 4.3 வருடம். இவை முதல் கைதுக்கான எண்கள். பத்துமுறை கைதானவருக்குப் பொருந்தாது. முதல்முறை கைதானவர்களைப் பொறுத்தவரை, முதலாளியின் திரையில் அந்தப் பதிவு அதற்குப் பிறகும் தெரிந்துகொண்டே இருந்தால், அது ஆளைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்லாது. சரிவைப் பிடித்துவைக்கக்கூடிய அந்த வேலையை மட்டும் தடுக்கும்.